ஹண்டிங் நிற்காத கவர்னர்: சரிவு சொல்லாத ஃபேஸைத் தேடிப் பிடிக்கும் வழிமுறை

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நீலகிரியில் சீகை மரமும் யூக்கலிப்டஸும் மின்கம்பி மேல் சாய்வது வாடிக்கை. லைன் டிரிப் ஆகி, சிறு புனல் மின்நிலையம் ஒன்று கிரிட்டை இழந்து, பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையையும் குடியிருப்பையும் மட்டும் தனியாகத் தாங்க வேண்டி வருகிறது. அப்போதுதான் டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், அதுவரை அமைதியாக இருந்த கவர்னர் ஊசலாடத் தொடங்கும். ஃப்ரீக்வென்சி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதைச் சரிசெய்ய உட்காருபவர் போடே வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வீச்சுக்கோட்டில் ஒரு கோளாறும் தெரியாது. இந்தக் குறிப்பு அந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்களுக்கானது. அறிகுறி வாரியாகப் படிக்கலாம். ஆனால் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே நிலையம்தான்.

அந்த நிலையத்தின் அளவுகள்: பென்ஸ்டாக் குழாயின் நீளம் 820 மீட்டர், முழு லோடில் நீரின் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர், ஹெட் 200 மீட்டர், ஃபிரான்சிஸ் டர்பைன். சுழலும் பாகங்களின் தொடக்க நேரம் `Tm` 6 வினாடி. குழாயில் உள்ள நீருக்கு வேகம் கொடுக்க ஆகும் நேரம் இப்படி வரும்:

```
Tw = L·V / (g·H) = 820 × 2.4 / (9.81 × 200) ≈ 1.0 வினாடி
```

கேட் அசைவிலிருந்து டர்பைன் திறன் வரையிலான உறவு, இழப்பு இல்லாத எளிய மாதிரியில்:

```
G(s) = (1 − Tw·s) / (1 + 0.5·Tw·s)
```

மேலே உள்ள அந்தக் கழித்தல் குறிதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

சரிவைப் பார்த்து ஃபேஸ் சொல்லும் விதி எல்லோருக்கும் பழக்கம். அதிர்வெண் பத்து மடங்காகும்போது வீச்சு 20 டெசிபெல் இறங்கினால் ஃபேஸ் 90 டிகிரி பின்தங்கும், 40 டெசிபெல் இறங்கினால் 180. பெல் ஆய்வகத்தின் ஹென்ட்ரிக் போடே 1940-இல் வெளியிட்ட தொடர்பின் சுருக்கம் அது. அது மினிமம் ஃபேஸ் அமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். ஒரே வீச்சுக்கோடு கொண்ட அமைப்புகளில் ஃபேஸ் பின்னடைவு மிகக் குறைவாக உள்ளதற்கு அந்தப் பெயர். மேலே உள்ள கழித்தல் குறி தருவது போன்ற வலப்பக்கப் பூச்சியமோ நேரத் தாமதமோ உள்ளே இருந்தால் வீச்சுக்கோடு அதைக் காட்டிக்கொடுக்காது, ஃபேஸ் மட்டும் கீழே போகும். சரிவு சொல்லும் ஃபேஸுக்கும் அளந்த ஃபேஸுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே 'மிகைப் பின்னடைவு' என்று அழைப்போம்.

## அறிகுறி 1: கேட் திறந்ததும் மெகாவாட் முதலில் குறைந்து, பிறகு ஏறுகிறது

முதலில் பார்க்க வேண்டியது இது உண்மையிலேயே கோளாறுதானா என்பதை. பெரும்பாலும் இல்லை. கேட் திறந்த கணத்தில் குழாயில் உள்ள நீர் உடனே வேகம் எடுக்காது. திறப்பு பெரிதாகிறது, ஓட்டம் அப்படியே இருக்கிறது, ஆகவே டர்பைன் வாயில் அழுத்தம் விழுகிறது, அதோடு திறனும் விழுகிறது. நீர் வேகம் பிடித்த பிறகே திறன் ஏறும். மேலே உள்ள மாதிரிப்படி கேட்டை ஒரே கணத்தில் 1 சதவீதம் திறந்தால் திறன் முதலில் 2 சதவீதம் கீழே போகும். சுமார் 0.55·Tw கழித்து, நம் நிலையத்தில் ஏறக்குறைய அரை வினாடியில், பழைய மட்டத்தைத் தாண்டும். நிஜத்தில் சர்வோ அவ்வளவு வேகமாகத் திறக்காது என்பதால் பள்ளம் இதைவிட ஆழம் குறைவாகத் தெரியும்.

கேட் ஃபீட்பேக், மெகாவாட், பென்ஸ்டாக் அழுத்தம் மூன்றையும் 0.1 வினாடிக்கு ஒரு முறை பதிவு செய்து, கிரிட்டில் இணைந்த நிலையில் கேட்டை 2 சதவீதம் நகர்த்திப் பாருங்கள்.

பள்ளமும் அழுத்த வீழ்ச்சியும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டும் மீள்கின்றன: இது நீரின் குணம். கவர்னரில் எதையும் தொட வேண்டாம். இது நான்-மினிமம் ஃபேஸ் இயந்திரம் என்று குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

மெகாவாட் குறைந்து, குறைந்த இடத்திலேயே நிற்கிறது: அது வேறு கதை. டிரான்ஸ்டியூசர் இணைப்பின் துருவம் மாறியிருக்கலாம், அல்லது கேட் ஃபீட்பேக் தலைகீழாக அளவிடப்பட்டிருக்கலாம். மீள்கிறதா இல்லையா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

பள்ளம் மழைக்காலத்தில் மட்டும் ஆழமாகிறது: இன்டேக்கில் உள்ள குப்பைத் தடுப்புக் கம்பியைப் பாருங்கள். இலையும் சுள்ளியும் அடைத்தால் நிகர ஹெட் குறையும். `Tw` சூத்திரத்தில் ஹெட் கீழே இருக்கிறது, ஆக அது குறைந்தால் `Tw` கூடும். அதே மெகாவாட்டை எடுக்கக் கூடுதல் நீர் தேவைப்படுவதால் வேகமும் கூடி அதே பக்கம் தள்ளும். வாரிச் சுத்தம் செய்வது மிக மலிவான பழுதுபார்ப்பு.

ஒரு பக்கக் குறிப்பு. சிங்காராவில் 1932 முதல் ஓடும் பைக்காரா மின்நிலையம் போன்ற உயர் ஹெட் நிலையங்களில் பெல்டன் டர்பைன்தான் இருக்கும். அங்கே ஜெட்டைத் திருப்பிவிடும் டிஃப்ளெக்டர் உண்டு. டிஃப்ளெக்டர் நீரை விலக்குகிறதே தவிர குழாயின் ஓட்டத்தை மாற்றுவதில்லை. ஆகவே அது கட்டுப்படுத்தும்வரை இந்தத் தலைகீழ் பள்ளமே வராது, நீர் மட்டும் வீணாகும். பள்ளம் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்றால் ஜெட்டின் அளவை மாற்றும் ஊசி வேலை செய்கிறதா, டிஃப்ளெக்டர் வேலை செய்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

## அறிகுறி 2: வீச்சுக்கோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது, ஃபேஸ் மட்டும் விழுகிறது

இதை அளந்து பார்ப்பதுதான் முழு வழிமுறையின் முதுகெலும்பு, அவசரப்படாமல் செய்ய வேண்டியது. இயந்திரம் கிரிட்டில் இணைந்திருக்க வேண்டும். லோட் கன்ட்ரோல் அணைக்கப்பட்டு, கேட் நிலைக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் ஒரு பக்கம் ஆட்ட, கவர்னர் மறுபக்கம் இழுக்கும். லோடை 80 சதவீதத்துக்கு அருகே வைத்து, கேட் செட் பாயின்டில் 1 சதவீத வீச்சுள்ள சைன் அலையை ஏற்றுங்கள். வினாடிக்கு 0.2, 0.5, 1, 2 ரேடியன் என்று நான்கு அதிர்வெண் போதும். ஒவ்வொன்றிலும் அலை நிலைப்பட்ட பிறகு ஐந்தாறு சுற்று பதிவு வேண்டும். 2 ரேடியனில், `Tw` 1 ஆக உள்ள இயந்திரத்தில், ஹெட் இரு பக்கமும் சுமார் 1.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2.8 மீட்டர் ஆடும். அழுத்தமானி அதைவிட மிக அதிகமாகக் காட்டினால் உடனே நிறுத்துங்கள்.

ஃபேஸை அளக்கும்போது கட்டளையை அல்ல, கேட் ஃபீட்பேக்கை எடுங்கள். அப்போதுதான் சர்வோவின் பின்னடைவு கணக்கில் கலக்காது. கேட் உச்சத்துக்கும் மெகாவாட் உச்சத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அலைக்காலத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் ஃபேஸ் கிடைத்துவிடும்.

`Tw` சரியாக 1 வினாடி இருந்தால் கிடைக்க வேண்டிய எண்கள் இவை:

| அதிர்வெண் (ரேடியன்/வினாடி) | வீச்சு (டெசிபெல்) | அதே வீச்சுள்ள மினிமம் ஃபேஸ் அமைப்பு | உண்மையான ஃபேஸ் |
|---|---|---|---|
| 0.2 | +0.1 | +6° | −17° |
| 0.5 | +0.7 | +13° | −41° |
| 1 | +2.0 | +18° | −72° |
| 2 | +4.0 | +18° | −108° |

வீச்சு மெல்ல ஏறுகிறது. ஏறும் சரிவு ஃபேஸ் முன்னே போக வேண்டும் என்கிறது. அளந்தாலோ பின்னே போயிருக்கிறது. 2 ரேடியனில் இரண்டுக்கும் இடைவெளி 127 டிகிரி. வீச்சுக்கோட்டை மட்டும் பார்த்து ஃபேஸ் மார்ஜின் கணக்கிடுபவர் தவறுவது இந்த இடைவெளியில்தான்.

அடுத்த கேள்வி, இந்த மிகைப் பின்னடைவு நீரிலிருந்து வருகிறதா, கருவியின் தாமதத்திலிருந்து வருகிறதா. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மிகைப் பின்னடைவை `Δ` என்று வைத்து இரண்டு எண்களைக் கணக்கிடுங்கள்:

```
Tw  = tan(Δ/2) / ω        # வலப்பக்கப் பூச்சியம் என்றால்
tau = Δ / (57.3 · ω)      # நேரத் தாமதம் என்றால், Δ டிகிரியில்
```

எது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே எண்ணைத் தருகிறதோ அதுவே காரணம். மேலே உள்ள அட்டவணையில் 0.5 ரேடியனில் `Δ` 53 டிகிரி, 2 ரேடியனில் 127 டிகிரி. முதல் வரி இரண்டிலும் 1.0 தரும். இரண்டாவது வரி 1.85, 1.11 என்று மாறும். ஆக இது பூச்சியம், குழாய் நீர். குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் அளந்தால் இரண்டுமே மாறாத எண்ணைக் காட்டி ஏமாற்றும். அதனால் `1/Tw`-க்கு மேலே ஒரு புள்ளியாவது கட்டாயம் வேண்டும்.

`Δ` கண்டுபிடிக்க மினிமம் ஃபேஸ் மதிப்பு தேவை. சரிவை 20-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குவது பத்து டிகிரி அளவு பிசகலாம், ஏனென்றால் ஓர் இடத்தின் ஃபேஸை அந்தப் புள்ளியின் சரிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. சுற்றுவட்டாரச் சரிவுகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. காரணத்தைப் பிரித்தறிய இந்தத் துல்லியம் போதும், செட்டிங் போட இது போதாது.

`tau` நிலையாக இருந்தால்: முதலில் மெகாவாட் டிரான்ஸ்டியூசரின் ஃபில்டரைப் பாருங்கள். சிலவற்றில் சில நூறு மில்லிவினாடி சராசரி இருக்கும், கையேட்டைப் பார்த்துக் குறைத்துவிடலாம். அடுத்து பிஎல்சி ஸ்கேன் நேரம். அதற்கும் பிறகு, சிக்னல் வேறொரு பெட்டி வழியாகச் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். கேட்டும் மெகாவாட்டும் வெவ்வேறு கருவியில் பதிவானால் கடிகாரங்கள் ஒத்துப்போகாமல் போலித் தாமதம் தோன்றும். ஆகவே எதையும் கழற்றும் முன் இரண்டையும் ஒரே பதிவுக்கருவிக்குக் கொண்டுவாருங்கள்.

## அறிகுறி 3: கிரிட்டில் அமைதி, தனியாக விட்டால் ஹண்டிங்

கிரிட்டில் இருக்கும்போது ஃப்ரீக்வென்சியை மற்ற இயந்திரங்கள் பிடித்துக்கொள்கின்றன. நம் கவர்னரின் சுற்று நடைமுறையில் திறந்தே கிடக்கிறது. ஆகவே கிரிட்டில் ஆடவில்லை என்பதை வைத்து செட்டிங் சரி என்று நினைக்க வேண்டாம். மலிவானதிலிருந்து தொடங்குவோம்.

செட்டிங் மாறுகிறதா? பல டிஜிட்டல் கவர்னர்களில் கிரிட்டுக்கு ஒரு செட், தனிநிலைக்கு ஒரு செட் இருக்கும். பிரேக்கரின் துணைக் கான்டாக்ட் வராவிட்டால் கவர்னர் கிரிட் செட்டிலேயே ஓடும். திரையில் எந்த செட் இயங்குகிறது என்று பாருங்கள். மழைக்கால ஈரத்தில் இந்தக் கான்டாக்ட் கறுத்துப் போவது சாதாரணம்.

ஆட்டத்தின் வீச்சு மாறாமல் இருக்கிறதா? கேட் கட்டளை நகர, கேட் ஃபீட்பேக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பிறகு குதித்தால், இணைப்புக் கம்பிகளில் ஆட்டம் இருக்கிறது. பின்னையும் புஷ்ஷையும் மாற்றுவதுதான் மருந்து. கெயினைக் குறைத்து இதை மறைக்கப் பார்த்தால் சில மாதத்தில் மறுபடி வரும்.

லோடைப் பொறுத்து மாறுகிறதா? இதுதான் மிகவும் பயனுள்ள சோதனை. `Tw` நீரின் வேகத்துக்கு நேர்விகிதம். பாதி ஓட்டத்தில் வேகம் 1.2 மீட்டர், `Tw` அரை வினாடி. முழு லோடில் ஆடி, பாதி லோடில் அடங்கும் இயந்திரத்தில் குற்றவாளி குழாய் நீரும் அதற்குப் பொருந்தாத செட்டிங்கும். லோடு எதுவானாலும் ஒரே மாதிரி ஆடினால் மேலே சொன்ன இணைப்புகளுக்குத் திரும்பிப் போங்கள்.

இனி செட்டிங். நம் நிலையத்தில் தற்காலிக ட்ரூப் `Rt` 0.25, ரீசெட் நேரம் `TR` 3 வினாடி, நிரந்தர ட்ரூப் 5 சதவீதம், சர்வோவின் கால மாறிலி 0.2 வினாடி என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுற்றின் வீச்சு வினாடிக்கு 0.85 ரேடியனில் 0 டெசிபெல்லைக் கடக்கிறது. அங்கே சரிவு சுமார் 18 டெசிபெல் இறக்கம். விதிப்படி ஃபேஸ் ஏறக்குறைய −80 டிகிரி. மினிமம் ஃபேஸ் அமைப்பாகக் கொண்டு துல்லியமாகக் கணக்கிட்டாலும் −99 டிகிரிதான். 81 டிகிரி மார்ஜின் மிச்சம் என்று தோன்றும். இதைப் பார்ப்பவர் கெயினை இன்னும் கூட்டவே துணிவார்.

உண்மையான ஃபேஸைக் கூட்டிப் பார்ப்போம்:

```
சுழலும் நிறை           −90
வலப்பக்கப் பூச்சியம்      −40
நீரின் துருவம்           −23
சர்வோ                  −10
ட்ரூப் ஈடுசெய்தல்        −17
---------------------------
மொத்தம்               −180
```

மார்ஜின் பூச்சியம். இயந்திரம் 7.4 வினாடிக்கு ஒரு முறை ஓயாமல் ஆடும். மினிமம் ஃபேஸ் கணக்கு சொன்னதற்கும் உண்மைக்கும் இடையே உள்ள 81 டிகிரி முழுவதும் அந்த ஒரு கழித்தல் குறியின் விலை. சாதாரணப் பூச்சியம் 40 டிகிரி கொடுத்திருக்கும், இது 40 டிகிரி எடுத்துக்கொள்கிறது. இரட்டிப்பு நஷ்டம்.

சரிசெய்ய, பரவலாகப் பயன்படும் தொடக்கச் சூத்திரம் இது:

```
Rt = [2.3 − 0.15·(Tw − 1)] · Tw / Tm   →  0.38
TR = [5 − 0.5·(Tw − 1)] · Tw           →  5 வினாடி
```

இந்த மதிப்புகளில் கடக்கும் அதிர்வெண் 0.5 ரேடியனுக்கு இறங்கும், மார்ஜின் 25 டிகிரி ஆகும். ஆட்டம் அடங்கும், ஆனால் சில சுற்று ஆடித்தான் அடங்கும். `Rt` 0.5, `TR` 6 என்று போனால் 0.38 ரேடியனில் 33 டிகிரி கிடைக்கிறது. தொழிற்சாலையில் பெரிய மோட்டார் அடிக்கடி ஸ்டார்ட் ஆகாத இடமென்றால் இதுவே நல்லது. அடிக்கடி ஸ்டார்ட் ஆனால் மெதுவான கவர்னர் ஃப்ரீக்வென்சியை அதிகம் விழ விடும், முந்தைய மதிப்பிலேயே நிற்கலாம். பிஐ வடிவில் உள்ள கவர்னருக்கு கெயின் தோராயமாக `Kp = 1/Rt`, `Ki = 1/(Rt·TR)`. கடைசியாகச் சொன்ன மதிப்புகளுக்கு 2, 0.33.

செட்டிங்கை எப்போதும் `Tw` அதிகமாக உள்ள நிலைக்கே போடுங்கள், அதாவது முழு லோடு, தாழ்ந்த நீர்மட்டம். கோடையில் பாதி லோடில் சரிபார்த்துவிட்டு வந்த செட்டிங் மழையில் முழு லோடில் ஆடுவது இப்படித்தான்.

## அறிகுறி 4: டெரிவேட்டிவ் கூட்டினால் இன்னும் மோசம்

ஃபேஸ் போதவில்லை என்றால் லீட் சேர்ப்பது கைப்பழக்கம். லீட் ஃபேஸைத் தருவதோடு வீச்சுக்கோட்டையும் தூக்கிவிடும், கடக்கும் அதிர்வெண் மேலே நகரும். மினிமம் ஃபேஸ் இயந்திரத்தில் அது தாங்கும். இங்கே மேலே போகப் போகப் பூச்சியம் இன்னும் அதிகமாகப் பிடுங்கிக்கொள்ளும். கடக்கும் அதிர்வெண்ணை `1/Tw`-க்குப் பாதியைச் சுற்றி, அல்லது அதற்கும் கீழே வைப்பதே கைகண்ட எல்லை. டெரிவேட்டிவைப் பூச்சியமாக்கி, `Rt`, `TR` இரண்டிலும் சரி வந்த பிறகு, தேவைப்பட்டால் சிறிது சேருங்கள்.

பூச்சியத்தை எதிர்ப்பெட்டி வைத்து நீக்கிவிடலாம் என்று கணினி மாதிரியில் யாராவது காட்டினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். எதிர்ப்பெட்டி `1/(1 − Tw·s)` தானே நிலையற்றது. ஃப்ரீக்வென்சிக்கோடு கொஞ்ச நேரம் அழகாகத் தெரியும், கேட் மட்டும் ஒரு முனைக்கு ஓடிவிடும்.

## அறிகுறி 5: ஆட்டத்தின் காலம் நிமிடக்கணக்கில், அல்லது குழாய் அதிர்கிறது

நம் கணக்கின் ஆட்டம் சில வினாடி முதல் இருபது வினாடி வரையிலானது. ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் மெதுவான ஏற்ற இறக்கம் இருந்து, சர்ஜ் டேங்க் நீர்மட்டமும் அதோடு ஆடினால், அது சுரங்கத்துக்கும் டேங்குக்கும் இடையிலான ஊசல். கவர்னர் செட்டிங்கால் தீராது. மட்டத்தைப் பதிவு செய்து நீரியல் வடிவமைப்பாளரிடம் கொடுங்கள்.

கேட் மூடும் நேரத்தில் கை வைக்க வேண்டிய நிலை வந்தாலும் தயாரிப்பாளரின் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். ஹண்டிங்கை அடக்க வேகமாக மூடினால் போதும் என்று தோன்றும். நம் நிலையத்தில் நீரை முற்றிலும் திடீரென நிறுத்தினால், அழுத்த அலையின் வேகம் வினாடிக்கு 1,200 மீட்டர் என்று கொண்டால், கூடும் ஹெட் `1200 × 2.4 / 9.81`, சுமார் 290 மீட்டர். இருக்கும் ஹெட்டே 200 தான். அலை குழாயின் மேல்முனைக்குப் போய்த் திரும்ப 1.4 வினாடி ஆகிறது, அதற்குள் மூடுவது எல்லாமே திடீர் மூடல்தான். மூடும் வேகத்தை நிர்ணயிக்கும் ஆரிஃபிஸையும் அதன் லாக் நட்டையும் நிலைய ஆட்கள் தொடக் கூடாது. பென்ஸ்டாக் ஆங்கரில் விரிசல், எக்ஸ்பான்ஷன் ஜாயின்டில் கசிவு, சோதனையின்போது எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்கு அழுத்த ஆட்டம், இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் சைன் அலைச் சோதனையை நிறுத்தி, இயந்திரத்தை இறக்கி, மெயின் இன்லெட் வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கும் முதல் பொருள் கேட், மெகாவாட், அழுத்தம் மூன்றும் ஒரே கடிகாரத்தில் உள்ள பதிவு. எந்த லோடில், எந்த நீர்மட்டத்தில் எடுத்தது என்பதையும் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.